21ஆம் நாள் ரிப்போர்ட்டில் 0.6: ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் எந்த நாளில் எங்கே இருக்கும்?

"எனக்கு 35 நாளைக்கு ஒரு தடவைதான் பீரியட்ஸ் வரும். 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் டெஸ்ட் எடுத்தேன், 0.6 வந்திருக்கு. முட்டை வெளியாகலைன்னு சொல்றாங்க. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் நாலு கட்டத்துலயும் எப்படி ஏறி இறங்கும்? 28 நாள் சுழற்சி இல்லாதவங்களுக்கும் அதே கணக்குதானா?"

அந்த 0.6ஐ மட்டும் வைத்து முட்டை வெளியாகவில்லை என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் சுழற்சிக்கு 21ஆம் நாள் என்பது பெரும்பாலும் முட்டை வெளியாகும் நாள், அல்லது அதற்கு ஓரிரு நாள் முந்தைய நாள். அந்த நேரத்தில் புரோஜெஸ்டிரோன் 1ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். 21 என்ற எண் 28 நாள் சுழற்சிக்காரர்களுக்காகப் போட்ட கணக்கு. ஏன் அப்படி என்பது நான்கு கட்டங்களையும் வரிசையாகப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் இந்த இரண்டு ஹார்மோன்களும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம். சினைப்பைக்குள் முட்டையைச் சுமந்திருக்கும் சிறிய நீர்ப்பைக்கு ஃபாலிக்கிள் என்று பெயர். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். முட்டை வெளியேறும் வரை இந்த ஃபாலிக்கிள் சுரப்பது ஈஸ்ட்ரோஜன். முட்டை வெளியேறிய பிறகு அதே ஃபாலிக்கிள் உருமாறி, கொழுப்புச் சத்து ஏறி மஞ்சளாகி, கார்பஸ் லூட்டியம் ஆகிறது. அது சுரப்பது முக்கியமாகப் புரோஜெஸ்டிரோன், கூடவே ஓரளவு ஈஸ்ட்ரோஜன். ஆக இரண்டு ஹார்மோன்களுக்கும் பிறந்த வீடு ஒன்றுதான். முட்டை வெளியேறும் தருணம்தான் நடுவில் உள்ள கோடு. அந்தக் கோட்டுக்கு முன்னால் புரோஜெஸ்டிரோன் கணிசமாக ஏற வழியே இல்லை, ஏனென்றால் அதைத் தயாரிக்கும் கார்பஸ் லூட்டியம் இன்னும் உருவாகவே இல்லை.

பாடப்புத்தகப் படங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் இரண்டு அலைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். உண்மையில் அவற்றுக்கு அளவுகோல் வேறு வேறு. ஈஸ்ட்ரோஜனில் முக்கியமானதான எஸ்ட்ராடையாலைப் பிகோகிராமில் அளக்கிறோம், புரோஜெஸ்டிரோனை நானோகிராமில் அளக்கிறோம். ஒரு நானோகிராம் என்பது ஆயிரம் பிகோகிராம். எஸ்ட்ராடையால் உச்சத்தில் 300 பிகோகிராம் என்றால், புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் 10 நானோகிராம், அதாவது பத்தாயிரம் பிகோகிராம். இரண்டையும் ஒரே அளவுகோலில் வரைந்தால் ஈஸ்ட்ரோஜன் அலை கண்ணுக்கே தெரியாது. ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இது அதிகம், அது குறைவு' என்று ஒப்பிடுவதில் பொருளில்லை. கீழே வரும் எண்கள் எல்லாம் ஒரு மில்லி லிட்டர் ரத்தத்துக்கானவை. எல்லாம் தோராயமானவை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும்.

மாதவிடாய் நிலை

ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். லேசான கறை பட்ட நாளை எண்ண வேண்டாம், சரியான போக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். இந்த ஒன்றிரண்டு நாள் பிசகினாலே பின்னால் வரும் எல்லாக் கணக்கும் பிசகும்.

இந்த நாட்களில் இரண்டு ஹார்மோன்களும் அடிமட்டத்தில் இருக்கும். எஸ்ட்ராடையால் சுமார் 20 முதல் 50 பிகோகிராம், புரோஜெஸ்டிரோன் 1 நானோகிராமுக்குக் கீழே. ரத்தப்போக்கு வந்ததால் ஹார்மோன் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். ஹார்மோன் குறைந்ததால்தான் ரத்தப்போக்கு வருகிறது. போன சுழற்சியின் கார்பஸ் லூட்டியம் வாடியதும் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. அந்தச் சரிவில் கருப்பை உட்சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்கள் பெருகி, சவ்வுக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகளை இறுகச் செய்கின்றன. ரத்தம் கிடைக்காத மேலடுக்கு சிதைந்து உதிர்கிறது. அடியில் உள்ள அடுக்கு அப்படியே இருக்கும், அடுத்த மாதத்துக்கான சவ்வு அதிலிருந்துதான் வளரும். 1940இல் மார்க்கீ என்ற உடற்கூறியலாளர் ரீசஸ் குரங்கின் கருப்பை உட்சவ்வை அதன் கண்ணின் முன்னறைக்குள் ஒட்டவைத்து, விழிப்படலம் வழியாக இந்தத் தமனிகள் சுருங்குவதை நேரிலேயே பார்த்துப் பதிவு செய்தார். இன்றும் மாதவிடாய் பற்றிய விளக்கங்களில் அந்தக் கவனிப்பு வந்துகொண்டே இருக்கிறது.

வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலிக்கும் காரணம் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அது உற்பத்தியாவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே உற்பத்தியாகிவிட்டதை அவை அகற்றுவதில்லை. வலி முற்றிய பிறகு போட்டால் சரியாகக் கேட்காமல், தொடக்கத்திலேயே போட்டால் நன்றாகக் கேட்பது இதனால்தான். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

இந்த அடிமட்டத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் மேலே இருக்கும் வரை மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி வைத்திருக்கும். இரண்டும் விழுந்ததும் அந்தப் பிடி விடுகிறது, எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் ஏறுகிறது. அந்த ஏற்றம் போன சுழற்சியின் கடைசி நாட்களிலேயே தொடங்கிவிடும். அடுத்த முட்டைக்கான வேலை, ரத்தப்போக்கு முடியும் வரை காத்திருப்பதில்லை. குழந்தைப்பேறு சிகிச்சையில் 2ஆம் அல்லது 3ஆம் நாளில் எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ராடையால் இரண்டையும் சேர்த்தே பார்ப்பதற்கும் காரணம் உண்டு. அந்த நாளிலேயே எஸ்ட்ராடையால் 80ஐத் தாண்டி இருந்தால் அது எஃப்.எஸ்.எச்.ஐ அமுக்கிவிடும். எஃப்.எஸ்.எச். மட்டும் பார்த்தால் 'நார்மல்' என்று தவறாகத் தோன்றும்.

ஃபாலிக்குலார் நிலை

எஃப்.எஸ்.எச். ஏறியதும் சில ஃபாலிக்கிள்கள் ஒன்றாக வளரத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு வகைச் செல்கள் கூட்டாக வேலை செய்கின்றன. வெளிச்சுவர்ச் செல்கள், எல்.எச். என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனின் தூண்டுதலில் ஆண் ஹார்மோன் வகையைத் தயாரிக்கின்றன. உள்சுவர்ச் செல்கள் எஃப்.எஸ்.எச். தூண்டுதலில் அதை வாங்கி, அரோமட்டேஸ் என்ற நொதியால் எஸ்ட்ராடையாலாக மாற்றுகின்றன. பெண்ணின் ஈஸ்ட்ரோஜன் ஆண் ஹார்மோன் வழியாகத்தான் உண்டாகிறது என்பது முதல் தடவை கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். சினைப்பையில் சிறு ஃபாலிக்கிள்கள் முதிராமல் தேங்கும் பி.சி.ஓ.எஸ். என்ற கோளாறு உள்ளவர்களுக்கு முதல் பாதி வேலை அதிகமாகவும் இரண்டாம் பாதி வேலை தேங்கியும் போவதால்தான் ஆண் ஹார்மோன் மிஞ்சி நிற்கிறது.

ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் ஏறியதும் ஒரு போட்டி நடக்கிறது. ஏறும் ஈஸ்ட்ரோஜனும், ஃபாலிக்கிள்களே சுரக்கும் இன்ஹிபின் என்ற பொருளும் சேர்ந்து எஃப்.எஸ்.எச்.ஐக் குறைக்கின்றன. தீனி குறைந்ததும் பெரும்பாலான ஃபாலிக்கிள்கள் வாடிவிடும். சுமார் 10 மில்லிமீட்டரை முதலில் எட்டிய ஒன்று மட்டும், குறைந்த எஃப்.எஸ்.எச்.ஐயும் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அதிக ஏற்பிகளை வைத்திருப்பதால் பிழைத்து நிற்கிறது. அங்கிருந்து அது நாளொன்றுக்கு 2 மில்லிமீட்டர் வாக்கில் வளர்கிறது. 'ஃபாலிக்குலர் ஸ்டடி' என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன் எடுப்பது இந்த ஒன்றைப் பின்தொடரத்தான்.

ஈஸ்ட்ரோஜன் கோடு இந்தக் கட்டம் முழுக்க ஒரே சரிவில் ஏறுவதில்லை. முதல் சில நாட்கள் தட்டையாகக் கிடக்கும். வெற்றி பெற்ற ஃபாலிக்கிள் நிமிர்ந்ததும் கடைசி ஐந்தாறு நாட்களில் செங்குத்தாக ஏறி, உச்சத்தில் 200 முதல் 400 பிகோகிராம் வரை போகும். புரோஜெஸ்டிரோன் இந்த நேரமெல்லாம் 1க்குக் கீழே அசையாமல் இருக்கும்.

உடலில் இதன் அடையாளங்கள் தெரியும். ரத்தப்போக்கு முடிந்த கையோடு சில மில்லிமீட்டரே இருந்த கருப்பை உட்சவ்வு, ஈஸ்ட்ரோஜனால் வளர்ந்து 8, 10 மில்லிமீட்டர் வரை தடிக்கும். ஸ்கேனில் மூன்று கோடுகளாகத் தெரியும். கருப்பை வாயில் வரும் வெள்ளை, கெட்டியாக இருந்தது மாறி, பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல இழுத்தால் நீளும் பதத்துக்கு வரும். விந்தணு நீந்திப் போவதற்கு அந்தப் பதம்தான் வழிவிடும்.

உங்கள் கேள்விக்கு முக்கியமான கட்டம் இதுதான். ஒருவருக்கு 28 நாள், இன்னொருவருக்கு 35 நாள் என்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கட்டத்தின் நீளம். ஃபாலிக்கிள் தேர்வாகி முதிர எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை நாள் இது நீளும். தூக்கக்கேடு, காய்ச்சல், சட்டென்று எடை குறைவது, கடும் மன அழுத்தம் எல்லாம் இந்தக் கட்டத்தைத்தான் இழுத்தடிக்கும். 'நாள் தள்ளிப் போச்சு' என்று சொல்லும்போது, கருத்தரிக்காத பட்சத்தில், உண்மையில் தள்ளிப் போனது பெரும்பாலும் முட்டை வெளியேறும் நாள்.

முட்டை வெளியாகும் நிலை

இதுவரை ஈஸ்ட்ரோஜன் ஏறினால் பிட்யூட்டரி அடங்கும் என்று பார்த்தோம். இந்த இடத்தில் அந்த விதி தலைகீழாகிறது. எஸ்ட்ராடையால் 200 பிகோகிராமுக்கு மேல் ஏறி, சுமார் இரண்டு நாள் அங்கேயே நின்றால், பிட்யூட்டரி அடங்குவதற்குப் பதில் எல்.எச்.ஐக் கொட்டித் தீர்க்கும். அளவு மட்டும் போதாது, காலமும் வேண்டும். அரை நாள் எட்டிவிட்டு இறங்கினால் இது நடக்காது. ஃபாலிக்கிள் முழுதாக முதிர்ந்துவிட்டது என்பதை உடல் தெரிந்துகொள்ளும் வழி இது. அரைகுறையாக வளர்ந்த ஃபாலிக்கிளால் இவ்வளவு ஈஸ்ட்ரோஜனை இவ்வளவு நேரம் தர முடியாது.

எல்.எச். பாய்ச்சல் தொடங்கி 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். அந்த நேரத்தில் ஃபாலிக்கிள் பெரும்பாலும் 18 முதல் 24 மில்லிமீட்டர் இருக்கும். எல்.எச். ஏறியதுமே எஸ்ட்ராடையால் உச்சத்திலிருந்து சடாரென்று விழுகிறது, ஓரிரு நாளில் பாதிக்கும் கீழே போய்விடும். சிலருக்கு நடுச் சுழற்சியில் ஒரு சொட்டு இரண்டு சொட்டு ரத்தம் படுவது இந்த வீழ்ச்சியால்தான். அது வழக்கமாக ஓரிரு நாளில் தானாக நின்றுவிடும்.

புரோஜெஸ்டிரோன் இங்கே மெல்லத் தலை தூக்கும். முட்டை வெளியாகும் முன்பே, ஃபாலிக்கிளின் சுவர் உருமாறத் தொடங்கிவிடுவதால், 1, 1.5 வரை வரலாம். அதற்கு மேல் இந்த நாளில் எதிர்பார்க்கக் கூடாது.

மருந்துக் கடையில் கிடைக்கும் முட்டை வெளியாதல் கிட் சிறுநீரில் எல்.எச்.ஐக் காட்டுவது. கோடு பளிச்சென்று வந்தால் அடுத்த ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வெளியாக வாய்ப்பு அதிகம் என்று பொருள். முட்டை வெளியாகிவிட்டது என்று பொருளல்ல. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே கொஞ்சம் உயர்ந்திருக்கக் கூடும் என்பதால் பல நாள் தொடர்ந்து கோடு வந்து ஏமாற்றும்.

லூட்டியல் நிலை

முட்டை வெளியேறியதும் காலியான ஃபாலிக்கிளுக்குள் ரத்தக் குழாய்கள் நுழைகின்றன. புரோஜெஸ்டிரோன் தயாரிக்கத் தேவையான கொலஸ்டிரால் அந்த வழியாக வந்து சேர்கிறது. அதனால்தான் ஏற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை. முதல் நாள் 1, 2 என்று தொடங்கி, படிப்படியாக ஏறி, முட்டை வெளியேறிய 7ஆம் நாள் வாக்கில் உச்சத்துக்கு வரும். அப்போது 5 முதல் 20 நானோகிராம் வரை எங்கும் இருக்கலாம். ஈஸ்ட்ரோஜனும் கூடவே இரண்டாவது தடவையாக ஏறும். இந்த மேடு முதல் உச்சத்தைவிடத் தாழ்ந்தது, ஆனால் அகலமானது. 100 முதல் 200 பிகோகிராம் வாக்கில் சில நாட்கள் நிற்கும். ஆகவே முழுச் சுழற்சியில் ஈஸ்ட்ரோஜனுக்கு இரண்டு மேடு, புரோஜெஸ்டிரோனுக்கு ஒரே மேடு.

ஈஸ்ட்ரோஜன் மறுபடி ஏறினாலும் கருப்பை உட்சவ்வு மேலும் தடித்துக்கொண்டே போவதில்லை. புரோஜெஸ்டிரோன் அங்கே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளைக் குறைக்கிறது. அதோடு எஸ்ட்ராடையாலை வலுக்குறைந்த எஸ்ட்ரோனாக மாற்றும் நொதியையும் பெருக்குகிறது. வளர்ச்சி நின்று, சவ்வின் சுரப்பிகள் கருவை ஏற்கத் தேவையானவற்றைச் சுரக்கும் பதத்துக்கு வருகின்றன. கருப்பை வாய்ச் சளி மறுபடி கெட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும். காலையில் கண் விழித்ததும் எழாமல் எடுக்கும் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் கூடும். இந்த வெப்ப ஏற்றம் முட்டை வெளியேறிய பிறகே தெரியும் என்பதால், நடந்ததை உறுதி செய்யலாம், நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல உதவாது.

கார்பஸ் லூட்டியத்துக்கு ஆயுள் குறைவு. கரு பதிந்து எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை அனுப்பினால் அது உயிர் பிழைத்து, நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை, கர்ப்பத்தின் முதல் 7 முதல் 9 வாரம் வரை, புரோஜெஸ்டிரோனைத் தந்துகொண்டே இருக்கும். எச்.சி.ஜி. வராவிட்டால் 9, 10 நாளில் வாடத் தொடங்கும். கடைசி மூன்று நான்கு நாட்களில் இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்தே சரிந்து, மறுபடி முதல் நாளுக்கு வந்து நிற்கும். எரிச்சல், மார்பு கனத்தல், அழுகை வருவது போன்ற மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகள் இந்த நாட்களில்தான் தலைகாட்டும். அப்படித் தொல்லைப்படும் பெண்களின் ஹார்மோன் அளவுகள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலத்தான் இருக்கும். வேறுபடுவது அந்த ஏற்ற இறக்கத்துக்கு அவர்கள் மூளை காட்டும் எதிர்வினை. 'பி.எம்.எஸ்.க்கு ஹார்மோன் டெஸ்ட்' என்று பணம் செலவழிப்பதில் அதிகப் பயன் இல்லை. எந்த நாளில் எந்தத் தொல்லை என்று இரண்டு மாதம் எழுதி வைத்துக் கொண்டுபோனால் மருத்துவருக்கு அதைவிட உதவும்.

உங்கள் 35 நாளில் இதைப் பொருத்திப் பார்த்தால்

லூட்டியல் நிலை 14 நாள் என்று எல்லாரும் சொல்வார்கள். அது எல்லாருக்கும் அச்சடித்தது போல அமைவதில்லை, 11 முதல் 17 வரை இயல்புதான். 2019இல் வெளியான, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளைப் பார்த்த ஓர் ஆய்வில் ஃபாலிக்குலார் பகுதியின் சராசரி 16.9 நாள், லூட்டியல் பகுதியின் சராசரி 12.4 நாள். அப்படிப் பார்த்தால் 35 நாள் சுழற்சியில் முட்டை வெளியாகும் நாள் 21 முதல் 23க்குள் விழும்.

அதன்படி உங்கள் மாதம் ஏறக்குறைய இப்படி ஓடும். 1 முதல் 5 வரை இரண்டும் அடிமட்டத்தில். 6 முதல் 14 வரை ஈஸ்ட்ரோஜன் மெல்ல நகரும், புரோஜெஸ்டிரோன் அசையாது. 15லிருந்து ஈஸ்ட்ரோஜன் வேகமெடுத்து 20, 21 வாக்கில் உச்சம். 22 வாக்கில் முட்டை வெளியாகி, ஈஸ்ட்ரோஜன் விழுந்து, புரோஜெஸ்டிரோன் 1ஐத் தாண்டத் தொடங்கும். 28, 29இல் புரோஜெஸ்டிரோன் உச்சம், ஈஸ்ட்ரோஜனின் இரண்டாம் மேடும் அப்போதுதான். 32லிருந்து இரண்டும் சரியும். 36 என்று எண்ண வேண்டிய நாள் அடுத்த சுழற்சியின் முதல் நாள்.

நீங்கள் ரத்தம் கொடுத்தது 21ஆம் நாள். அன்று 0.6 என்பது முட்டை வெளியாகப்போகும் பெண்ணுக்கும் வரும், வெளியாகாத பெண்ணுக்கும் வரும். இருவரையும் அந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. அன்றே எஸ்ட்ராடையாலும் பார்த்திருந்து அது 250 என்று வந்திருந்தால், உச்சத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்திருக்கும்.

இனி எடுக்க வேண்டிய நாள் 28 அல்லது 29. எளிதாக நினைவில் வைக்க: அடுத்த மாதவிடாய் வரும் என்று எதிர்பார்க்கும் நாளுக்கு 7 நாள் முன்பு. இந்தச் சோதனையின் பாதி விடை ரத்தம் கொடுத்த பிறகுதான் தெரியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரத்தம் எடுத்த தேதியையும், அதன்பின் மாதவிடாய் வந்த தேதியையும் ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வையுங்கள். இடைவெளி 5 முதல் 9 நாள் என்றால் சரியான நேரத்தில் எடுத்திருக்கிறீர்கள், எண்ணை நம்பலாம். 2 நாளிலேயே மாதவிடாய் வந்துவிட்டால், சரிந்துகொண்டிருந்த நேரத்தில் எடுத்தது, 2.5 என்று வந்தாலும் முட்டை வெளியாகியிருக்கலாம். 13 நாள் கழித்து வந்தால், முட்டை வெளியான ஓரிரு நாளுக்குள் எடுத்தது, எண் இன்னும் ஏறியே இருக்காது.

உங்கள் சுழற்சி எப்போதும் 35 என்று வராமல் 30, 42, 36 என்று அலைந்தால் நாள் எண்ணிப் பயனில்லை. அப்போது 14ஆம் நாள் வாக்கிலிருந்து எல்.எச். கிட் வைத்துப் பார்த்து, கோடு வந்ததிலிருந்து 7, 8 நாள் கழித்து ரத்தம் கொடுக்கலாம். இல்லையென்றால் 21ஆம் நாளில் தொடங்கி வாரம் ஒரு தடவை, மாதவிடாய் வரும் வரை பார்க்கச் சொல்வார்கள்.

எண் வந்த பிறகு எப்படிப் படிப்பது? சரியான நாளில் எடுத்து 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் '6 வந்தது குறைவு, 14 வந்தது நல்லது' என்று மதிப்பெண் போடுவது எனக்கு ஏற்பில்லை. புரோஜெஸ்டிரோன் சீராக ஊறுவதில்லை. எல்.எச். துடிப்புத் துடிப்பாக வரும்போது அதுவும் விட்டுவிட்டுக் கொட்டுகிறது. ஒரே பெண்ணிடம் ஒரே நாளில் அடுத்தடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், உச்ச நாளில்கூட 2 சொச்சத்திலிருந்து 40 வரை ஏறி இறங்கியது பதிவாகியிருக்கிறது. காலை பத்து மணிக்கு 6 வந்தது பதினொன்றரைக்கு 15 ஆகலாம். சில ஆய்வகங்கள் நானோமோலில் தரும். அந்த எண்ணை 3.18ஆல் வகுத்தால் நானோகிராம் வந்துவிடும். 30 என்று பார்த்து மகிழும் முன் அலகைப் பாருங்கள், அது 9.4தான்.

எண்ணைக் கெடுக்கும் வேறு சங்கதிகளும் உண்டு. முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையில் 5, 10 மில்லிகிராம் என்று இருப்பவை, சில கருவிகளில் இந்த இரண்டு ஹார்மோன்களையும் பொய்யாக உயர்த்திக் காட்டும். ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். மருத்துவர் தந்த இயற்கைப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் சோதனை அதையும் சேர்த்துத்தான் எண்ணும். டைட்ரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை வகை என்றால் எண்ணில் தெரியாது. கருத்தடை மாத்திரை போடும் மாதத்தில் மேலே சொன்ன மேடு பள்ளம் எதுவுமே இருக்காது, சோதனைக்கே பொருளில்லை.

சரியான நாளில், இரண்டு சுழற்சிகளில் எடுத்தும் 3க்குக் கீழேயே வந்தால் அப்போதுதான் முட்டை வெளியாகவில்லை என்று பேச வேண்டும். அடுத்து தைராய்டு, புரோலாக்டின், பி.சி.ஓ.எஸ்.க்கான சோதனைகளுக்குப் போவார்கள். அந்த நிலையில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருந்து புரோஜெஸ்டிரோன் வராததால், உட்சவ்வு நிறுத்துவாரில்லாமல் தடித்து, ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அங்கங்கே உடைந்து கொட்டும். இரண்டு மூன்று மாதம் வராமல் இருந்து, வந்தால் பத்துப் பதினைந்து நாள் கட்டிக்கட்டியாகப் போவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் சவ்வில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் வரும் வாய்ப்பு கூடும். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தாலோ, போக்கு 8 நாளைத் தாண்டினாலோ மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்போது 10 நாளுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்து நிறுத்துவார்கள். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் ரத்தப்போக்கு வரும். மாத்திரையால் ஏற்றி, நிறுத்தி விழ வைத்த அதே சரிவுதான் அந்த ரத்தப்போக்கு. 'மாத்திரை போட்டதும் பீரியட்ஸ் வந்துவிட்டது, முட்டை வெளியாகிறது' என்று அதைப் படிக்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, சவ்வு வளர்ந்திருக்கிறது, வழி அடைபடவில்லை என்ற மூன்றைத்தான் அது சொல்கிறது. முட்டையைப் பற்றித் தெரிய, அதற்குப் பிறகு வரும் சுழற்சியில், மாத்திரை இல்லாமல், கணக்குப்படியான நாளில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.